செக் திரும்பிவிட்டது: நோட்டீஸில் எவ்வளவு கேட்பது?

கேள்வி: என் பழைய வேனை 1,80,000 ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவர் முழுத் தொகைக்கும் ஆகஸ்ட் 5 தேதியிட்ட செக் கொடுத்தார். அக்டோபர் 6-ல் வங்கியில் போட்டேன். 8-ஆம் தேதி பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. கேட்டால், "அது செக்யூரிட்டிக்குக் கொடுத்தது" என்கிறார். வட்டியும் வக்கீல் செலவும் சேர்த்து 2,10,000 கேட்டு நோட்டீஸ் அனுப்பலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: நோட்டீஸில் 2,10,000 என்று ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். உங்கள் வழக்கு அந்த ஒரு வரியிலேயே விழுந்துவிடலாம்.

செக் திரும்பியது மட்டுமே குற்றமாகிவிடாது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் சில விஷயங்கள் வரிசையாக நடந்திருக்க வேண்டும், அவற்றை நீங்கள் நிரூபிக்கவும் வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் குற்றம் முழுமை பெறாது.

முதலில், செக் அவருடைய கணக்கைச் சேர்ந்ததாகவும் அவர் கையெழுத்திட்டதாகவும் இருக்க வேண்டும். அடுத்து, அது சட்டப்படி தர வேண்டிய கடனுக்காகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. கையெழுத்து அவருடையது என்றாகிவிட்டால், செக் கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று 139-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. வெறுமனே "செக்யூரிட்டி" என்று சொன்னால் போதாது. செக்கை வங்கியில் போட்ட நாளில் பாக்கி இருந்ததா என்பதுதான் கேள்வி. வேன் கைமாறியதைக் காட்டும் டெலிவரி நோட், ஆர்.சி. மாற்றக் கையெழுத்திட்ட படிவங்களின் நகல், பணம் பற்றிய வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, செக் செல்லுபடியாகும் காலத்துக்குள், அதாவது தேதியிலிருந்து 3 மாதத்துக்குள், வங்கியில் போட்டிருக்க வேண்டும். நீங்கள் போட்டிருக்கிறீர்கள். நான்காவது, பணம் போதாமல் திரும்பியிருக்க வேண்டும். வங்கி தந்த ரிட்டர்ன் மெமோவே அதற்குச் சான்று. கணக்கை மூடிவிட்டார் என்று திரும்பினாலும் இந்தப் பிரிவு பொருந்தும்.

ஐந்தாவது நோட்டீஸ். பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். செக் திரும்பியதை வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். தெரிவித்த நாளை விட்டுவிட்டு எண்ணினால், உங்களுக்கு நவம்பர் 7 கடைசி நாள். கேட்க வேண்டியது செக்கில் உள்ள தொகையை. ஒரு வழக்கில் 1 கோடி ரூபாய் செக்குக்கு நோட்டீஸில் 2 கோடி என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்த நோட்டீஸ் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டி, வக்கீல் செலவு கேட்க விரும்பினால், "செக் தொகை ரூ.1,80,000" என்று தனியாகக் கேட்டுவிட்டு, அப்புறம் வேறு பத்தியில் இன்ன வட்டி, இன்ன செலவு என்று பிரித்து எழுதுங்கள். என்னைக் கேட்டால், இந்த நோட்டீஸில் அவற்றை எழுதாமலே விடுவது நல்லது. செக் எண், தேதி, வங்கிக் கிளை, தொகை நான்கையும் செக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் சரியான முகவரிக்கு அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆனதற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அவர் வாங்க மறுத்துத் திரும்பினால் அந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். சரியான முகவரிக்குப் போன கடிதம் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

ஆறாவது, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாளில் அவர் பணம் தராமல் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் குற்றம் முழுமையாகிறது. அவருக்கு அக்டோபர் 23-ல் நோட்டீஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 நாள் நவம்பர் 7-ல் முடியும். வழக்குப் போடும் உரிமை 8-ஆம் தேதி பிறக்கும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 8-க்குள், புகார் தாக்கல் செய்ய வேண்டும். கோபத்தில் 15 நாள் முடியுமுன்பே தாக்கல் செய்தால் அந்தப் புகார் நிற்காது. ஒரு மாதம் தாண்டினால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டியிருக்கும்.

போலீஸ் நிலையத்துக்கு இதில் வேலை இல்லை. 138-க்கான புகாரைச் செக்குக்கு உரியவரான நீங்களே எழுத்து மூலம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் போட்டு வசூலிக்க முயன்ற செக் என்பதால், உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கேதான் தாக்கல் செய்ய வேண்டும். குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தவறான தொகையோடு நோட்டீஸ் ஏற்கெனவே போயிருந்தால், நவம்பர் 7-க்குள் சரியான தொகையோடு இன்னொன்று அனுப்புவது பற்றி உடனே வக்கீலிடம் பேசுங்கள். செக்கின் 3 மாதம் முடியுமுன் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பினால் அந்த நாளிலிருந்து புதிதாக 30 நாள் எண்ணவும் சட்டம் இடம் தருகிறது. உங்கள் செக்குக்கு நவம்பர் முதல் வாரத்தோடு அந்த வழி அடைபட்டுவிடும்.