ஆய்வேட்டுக்காக நானே எடுத்த பேட்டியைத் துணைநூல் பட்டியலில் எப்படிப் போடுவது? கைடு போடவே வேண்டாம் என்கிறார்

நீங்கள் ஏபிஏ என்ற மேற்கோள் முறையில்தான் எழுதுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் கைடு சொல்வது சரி. காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, வைவாவில்தான் தெரிந்துகொண்டேன்.

2021இல் என் ஆய்வு கைத்தறி நெசவாளர்களைப் பற்றியது. 18 நெசவாளர்களிடமும் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலரிடமும் பேசினேன். வெயிலில் அலைந்து எடுத்த பேட்டிகளாயிற்றே என்று 19 பேரையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். தேர்வாளர் ஒரு வரியில் விரலை வைத்து, "இதை நான் எங்கே போய்ப் படிக்கிறதும்மா?" என்றார். ஒலிப்பதிவு என் ஃபோனில் மட்டும்தான் இருந்தது. வாசகர் தேடி எடுக்க முடிந்ததற்குத்தான் பட்டியல். முடியாததை உரைக்குள் அடைப்புக்குறியில் சொல்லி விட்டுவிட வேண்டும்: முன்னெழுத்தோடு பெயர், 'தனிப்பட்ட தொடர்பு' என்ற சொல், முழுத் தேதி. மின்னஞ்சல், ஃபோன் பேச்சு, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் இதுதான். அலுவலரைப் பார்த்த தேதியை நான் குறித்தே வைக்கவில்லை. நோட்டில் சொருகியிருந்த பஸ் டிக்கெட்தான் காப்பாற்றியது.

அடுத்த தப்பு அதைவிடப் பெரியது. திருத்துகிறேன் பேர்வழி என்று 18 நெசவாளர்களையும் பெயர், தேதியோடு தனிப்பட்ட தொடர்பாக மாற்றினேன். நல்லவேளை, கைடு பார்த்துவிட்டார். பெயரை வெளியிட மாட்டேன் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்ததே நான்தான். அவர்களில் ஒருவர் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசியிருந்தார். ஆய்வில் பங்கேற்றவர்கள் சொல்வது தரவு, மேற்கோள் ஆதாரம் அல்ல. ஆய்வுமுறை இயலில் எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதிவிட்டு, உரையில் 'நெசவாளர் 7' என்று குறித்தால் போதும். அலுவலர் பங்கேற்பாளர் அல்ல, விவரம் சொன்னவர். அதனால் அவர் பெயர் மட்டும் நின்றது.

பத்திரிகையில் வந்த பேட்டியோ யூடியூபில் இருக்கும் பேட்டியோ என்றால் கதை வேறு. அதை எவரும் எடுத்துப் பார்க்கலாம், எனவே கட்டுரையாகவோ காணொளியாகவோ பட்டியலுக்குப் போகும்.

'நாட்டார் வழக்காற்றியலில் தகவலாளர் பட்டியலே பின்னிணைப்பாகப் போடுகிறோமே' என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். போடுங்கள், அது உங்கள் துறை மரபு. ஆனால் அது பின்னிணைப்பு, துணைநூல் பட்டியல் அல்ல. எம்எல்ஏ என்ற இன்னொரு மேற்கோள் முறையில் சொந்தப் பேட்டியும் பேட்டி கொடுத்தவர் பெயரில் பட்டியலுக்குள் வரும் என்பதும் தெரியும். நான் சொல்வது ஏபிஏ.

இவ்வளவும் திருத்திக் கொண்டுபோனால், டிடிபி கடையில் பாமினி எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பெல்லாம் இடம் மாறிப்போய், 'தொடர்பு' இருந்த இடமெல்லாம் கந்தல். மூன்று பிரதிகளுக்கும் இரண்டாம் முறை பைண்டிங் காசு நான்தான் கொடுத்தேன்.