பொங்கலுக்குள் பானை வீடு வர வேண்டும்

கேள்வி: என் பெரியம்மா மகள் எனக்கு ஆறு வயது மூத்தவள். திருச்சியில் இருக்கிறாள். தன் மகளின் வளைகாப்புக்கு எங்கள் வீட்டு வெண்கலப் பானை, மூடி போட்ட பித்தளை அண்டா, ஐந்து தாம்பாளம் எல்லாம் வாங்கிக்கொண்டு போனாள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. போன பொங்கலுக்குக் குக்கரில்தான் பொங்கல் வைத்தோம். அம்மா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் அடுப்புப் பக்கமே வரவில்லை. அக்காவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உறவும் கெடக் கூடாது, பானையும் வர வேண்டும். எப்படிக் கேட்பது?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் ஒன்று சொல்கிறேன். உங்கள் அக்கா மறந்திருக்க மாட்டாள். ஒரு அண்டாவை வீட்டில் வைத்துக்கொண்டு மறக்க முடியாது. பரணில் ஏறும்போதெல்லாம் அது கண்ணில் படும். நினைவிருந்தும் கொடுக்காமல் இருக்கிறாள் என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. அது என்னவாக இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிட்டால், என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நானும் அந்தப் பக்கத்தில் நின்றவள்தான். என் மகனின் காதுகுத்துக்கு ஒன்றுவிட்ட தங்கையிடம் பெரிய இட்லிப் பானை வாங்கினேன். விசேஷம் முடிந்து பார்த்தால் உள்ளே வைக்கும் தட்டில் ஒன்றைக் காணவில்லை. சமையல்காரர்களின் பாத்திரத்தோடு கலந்து போயிருந்தது. அதே அளவில் ஒரு தட்டு வாங்கி வைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அளவு சரியாகக் கிடைக்கவில்லை. ஒரு மாதம் ஆறு மாதமானது. அப்புறம் அவள் போன் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு நாள் அவளே, "அக்கா, தட்டு குறைஞ்சா பரவாயில்ல, பானையக் குடு" என்று கேட்டாள். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அவள் கேட்டதில் எனக்குத் துளியும் கோபம் இல்லை. கேட்க மாட்டாளா என்றுதான் காத்திருந்திருக்கிறேன்.

பாத்திரம் திரும்பாமல் இருப்பதற்கு நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. சின்னக் கிண்ணம் என்றால் ஒரு பிடி சர்க்கரை போதும். அண்டாவில் எதைப் போட்டுக் கொடுப்பது? பலகாரம் செய்து கொடுக்கலாம் என்று நினைத்திருப்பாள், அதற்குள் பேரக்குழந்தை பிறந்திருக்கும், பிள்ளை பெற்ற மகளைப் பார்த்துக்கொள்வதிலேயே ஆறு மாதம் ஓடியிருக்கும். அதோடு பித்தளை கறுத்துப் போயிருக்கும். தேய்க்காமல் எப்படிக் கொடுப்பது என்று அதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே உங்கள் செய்தி இந்தத் தடைகளையெல்லாம் எடுத்துவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் நேராகக் கேட்க வேண்டும். போனில் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். போனில் கேட்டால் அந்த நொடியே பதில் சொல்ல வேண்டும். பதற்றத்தில் "அதெல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிடுவாள். அப்படி இல்லையென்றால் சொன்னதைக் காப்பாற்ற இன்னும் நாலு மாதம் ஒளிவாள். எழுத்தில் வந்தால் பரண் ஏறிப் பார்த்துவிட்டு, எண்ணிவிட்டுப் பதில் போடலாம். வீட்டு வேலை ஓய்ந்த மதியம் மூன்று மணிவாக்கில், அவளுக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்ப குரூப்பில் கண்டிப்பாக வேண்டாம். பெரியம்மா காதில் போடச் சொல்லி அம்மாவைத் தூண்டவும் வேண்டாம். அக்கா தங்கைக்குள் முடிகிற விஷயம் இரண்டு பெரியவர்களின் மனத்தாங்கலாகிவிடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அக்கா, எப்படி இருக்க? பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டாளா? ஒரு விஷயம் கேக்கணும்க்கா. வளைகாப்புக்கு எடுத்துட்டுப் போன வெண்கலப் பானை, மூடி போட்ட பித்தளை அண்டா, அஞ்சு தாம்பாளம் எனக்கு இப்ப வேணும். இந்தப் பொங்கலுக்கு அந்தப் பானையிலதான் வைக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. வர்ற 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் இவரும் திருச்சி வர்றோம். பதினோரு மணி வாக்குல வீட்டுக்கு வந்து எடுத்துக்கறோம். அன்னிக்கு உனக்குத் தோதுப்படுமா, இல்ல வேற நாள் சொல்றியா? நீ தேய்க்கவெல்லாம் வேண்டாம், நான் இங்க வந்து புளி போட்டுத் தேச்சுக்கறேன். வெறும் பானையா குடுக்க மனசில்லன்னா ஒரு பிடி அரிசி போட்டுக் குடு, அது போதும். எதுலயாவது அடி பட்டிருந்தாலும் பரவாயில்லக்கா."

இதில் பாத்திரங்களைப் பெயர் சொல்லி, எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறேன். "அந்தப் பாத்திரமெல்லாம்" என்று மொத்தமாகக் கேட்டால் பானையைக் கொடுத்துவிட்டு, அண்டா பற்றிப் பேச்சே வராமல் போகும். பிறகு அதற்கு ஒரு முறை கேட்க வேண்டும். இரண்டாவது முறை கேட்பதுதான் உறவைக் கெடுக்கும்.

தேதி சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இரவல் கொடுத்தது வண்டியாக இருந்தால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும், அபராதச் சலான் உங்கள் போனுக்கு வரும், இன்சூரன்ஸ் முடிகிற நாள் ஒன்று வரும். அதைச் சொல்லியே வண்டியைக் கேட்டுவிடலாம், கேட்கவும் வேண்டும். பாத்திரத்துக்கு அப்படி ஒரு கெடு கிடையாது, நாம்தான் வைக்க வேண்டும். உங்களுக்குப் பொங்கல் இருக்கிறது. அது உண்மையான காரணம், அதையே சொல்லுங்கள். "பக்கத்து வீட்டில் கேட்டார்கள்" என்று வேறு எதையாவது சொன்னால் ஒரு நாள் தெரிந்துவிடும்.

நான் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியதும் யோசித்துத்தான். செவ்வாய், வெள்ளியில் பித்தளை, வெண்கலத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதவர்கள் நிறையப் பேர். விளக்கு வைத்த பிறகு கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அவளுக்கு இருந்தால், நீங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஒரு வரியை மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள்: "அவசரம் இல்லக்கா, மெதுவா குடு." கூச்சத்தில் கை தானாக அதை எழுதும். எழுதினால் மேலே கேட்டதெல்லாம் வீண். அவசரம் இல்லை என்று நீங்களே சொன்ன பிறகு அவள் ஏன் பரண் ஏற வேண்டும்? "இன்னும் வச்சிருக்கியா?" என்றும் தொடங்க வேண்டாம். அது விற்றுவிட்டாயா என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

செய்தியைப் பார்த்துவிட்டு நாலைந்து நாள் பதில் இல்லையென்றால் அப்போது போன் செய்யுங்கள். பாப்பாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழம வர்றோம்க்கா, வீட்டுல இருப்பதானே?" என்று மட்டும் கேளுங்கள். பானை என்ற பேச்சே தேவையில்லை. அவளுக்குப் புரியும்.

"சித்தி எனக்கே குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்று ஒரு பதில் வரலாம். உங்கள் அம்மா கொடுக்கும்போது "வச்சுக்கோ, வச்சுக்கோ" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார், நம் பெரியவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள். அதனால் செய்தி அனுப்பும் முன் அம்மாவிடம் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டுவிடுங்கள். இரவலாகத்தான் கொடுத்தார் என்றால், "இல்லக்கா, அம்மா பொங்கலுக்குத் தேடறாங்க" என்ற ஒரு வரி போதும்.

எடுத்துவரப் போன இடத்தில் எண்ணிப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அவள் முன்னால் புரட்டிப் புரட்டிப் பார்க்காதீர்கள். அதை வீட்டுக்கு வந்து செய்யுங்கள். பானையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெண்கலம் நீண்டு ஒலிக்க வேண்டும். மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்காவது விரிசல் இருக்கும். வெண்கலம் பித்தளை மாதிரி ஒடுங்காது, கீழே விழுந்தால் கீறும், உடையும். தட்டிச் சரி செய்யவும் முடியாது. விரிசல் விட்ட பானையை அடுப்பில் ஏற்ற வேண்டாம். அண்டாவில் ஒடுக்கு விழுந்திருந்தால் கவலை இல்லை, பாத்திரப் பட்டறையில் எடுத்துவிடுவார்கள்.

அண்டாவின் உள்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈயம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். மஞ்சள் எட்டிப் பார்த்தால் ஈயம் தேய்ந்துவிட்டது, அப்படியே புளிப்பு ஏதாவது சமைத்தால் களிம்பு இறங்கும். அண்டாவைக் காய்ச்சி, நவச்சாரம் போட்டு, வெள்ளீயத்தைத் துணியால் உள்ளே இழுத்துப் பூசித் தருகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். பொங்கல் நெருங்கினால் அவர்களைப் பிடிக்கவும் முடியாது. 21-ஆம் தேதி என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் செலவை அக்காவிடம் கேட்காதீர்கள். அது உங்கள் வீட்டு அண்டா, எப்படியும் ஒரு நாள் பூச வேண்டியதுதான்.

தாம்பாளம் நாலுதான் இருந்தால் அங்கேயே பேச்சை எடுக்க வேண்டாம். வளைகாப்புத் தட்டு பழத்தோடும் பூவோடும் சம்பந்தி வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிடும், இது எங்கும் நடப்பது. தட்டின் விளிம்பில் உங்கள் வீட்டுப் பெயர் வெட்டியிருக்கிறதா என்று மற்ற நாலையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதை ஒரு போட்டோ எடுத்து, பொங்கல் முடிந்த பிறகு அக்காவுக்கு அனுப்புங்கள்: "இதே பேரு வெட்டின தட்டு ஒண்ணு மாப்பிள்ளை வீட்டுல இருக்கான்னு பாப்பாவப் பாக்கப் போறப்பக் கேட்டுப் பாருக்கா."