பெயர் இல்லை என்று வந்தால் உடனே படிவம் 6 வேண்டாம்

கேள்வி: வாக்காளர் பட்டியலில் பெயர் பார்ப்பது எப்படி என்று இன்ஸ்டாகிராமில் வந்த கரோசல் படத்தொகுப்பைப் பின்பற்றித் தேடினேன், பெயர் இல்லை என்று வந்தது. அடையாள அட்டையோ கையில் இருக்கிறது. அதில் அப்பா பெயர் முத்தையா என்பது முத்துசாமி என்று தவறாக இருக்கிறது. புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்துவிடலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பெயர் பட்டியலில் இருந்தும் தேடலில் சிக்காமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பெயரைக் கொண்டு தேடும்போது உறவினர் பெயரையும் கேட்கிறார்கள். நீங்கள் முத்தையா என்று சரியாகத் தந்திருப்பீர்கள், பட்டியலிலோ முத்துசாமி என்று இருக்கும். எந்தப் பிழையைத் திருத்த வந்தீர்களோ, அதுவே உங்கள் பெயரை மறைத்துவிடுகிறது. இத்தகைய கரோசல்கள் பலவும் பெயர்த் தேடலையே முதல் படத்தில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

electoralsearch.eci.gov.in தளத்தில் 'Search by EPIC' என்பதைத் தேர்ந்து, அட்டையிலுள்ள எண்ணை இடைவெளியின்றி உள்ளிடுங்கள். பெயர் இருந்தால் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி ஆகியவை வரும். பாகம் எண்ணைக் குறித்துக்கொண்டு, தலைமைத் தேர்தல் அதிகாரியின் elections.tn.gov.in தளத்தில் அந்தப் பாகத்தின் தமிழ்ப் பட்டியலையும் திறந்து பாருங்கள். தமிழில் சரியாகவும் ஆங்கிலத்தில் பிழையாகவும் பெயர் அச்சாகியிருப்பதுண்டு.

பெயர் இருப்பது உறுதியானால் உங்களுக்குரியது திருத்தத்துக்கான படிவம் 8. voters.eci.gov.in தளத்தில் உள்நுழைந்து, அட்டை எண்ணைக் கொடுத்து, 'Correction of Entries in Existing Electoral Roll' என்பதைத் தேர்ந்து, உறவினர் பெயர் என்ற ஒன்றை மட்டும் குறியிட்டு, தந்தை பெயர் சரியாக உள்ள சான்றின் நகலை இணையுங்கள். பிழையில்லாத விவரங்களைத் தொட வேண்டாம். கடைசியில் கிடைக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தால் விண்ணப்பத்தின் நிலையை அதே தளத்தில் பார்க்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வரலாம். முடிவெடுப்பவர் வாக்காளர் பதிவு அலுவலர்.

அட்டை எண்ணுக்கும் விவரம் வராவிட்டால், 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது பெயர் நீங்கியிருக்கலாம். 1950 என்ற உதவி எண்ணிலோ உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ கேட்டு உறுதிசெய்த பிறகே படிவம் 6-ஐ நிரப்புங்கள். ஏனெனில், வேறெங்கும் பதிவில்லை என்ற உறுதிமொழியில் அப்படிவத்தில் கையெழுத்திடுகிறீர்கள். தெரிந்தே பொய் சொன்னால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

உங்களுக்கு வந்த கரோசலில் படிவம் 8ஏ பற்றி ஏதேனும் இருந்தால், அது பழையது. 2022 ஆகஸ்டு முதல் அந்தப் படிவமே இல்லை, முகவரி மாற்றமும் படிவம் 8-லேயே அடங்கிவிட்டது. இன்னொன்று: வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் கைவைக்கச் சட்டம் இடம் தராது. விசாரணைக்கும் நாள் பிடிக்கும் என்பதால், தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.