உள்ளீட்டு விலை ஏறினால் உச்ச லாபம் எவ்வளவு குறையும்?

கேள்வி: உள்ளீட்டு விலை w ஏறினால் வாங்கும் அளவு x-உம் மாறுமே. அப்புறம் எப்படி என்வலப் தேற்றம், உச்ச லாபம் π*, அதைத் தரும் அளவு x* என்றால், dπ*/dw = −x* என்று மட்டும் சொல்கிறது?

x மாறுவது உண்மைதான். ஆனால் உச்சியில் நிற்கும்போது x-ஐச் சற்றே நகர்த்தினால் லாபம் அசையாது, அங்கே ∂π/∂x = 0. அதனால் x வழியாக வரும் பாதிப்பு அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது நேரடிப் பாதிப்பு மட்டுமே: வாங்கும் ஒவ்வோர் அலகுக்கும் கூடுதலாகத் தரும் விலை.

போட்டுப் பார்ப்போம். வருவாய் 40√x என்றால் லாபம் π = 40√x − wx. உச்ச நிபந்தனை 20/√x = w, அதாவது x* = 400/w². இதை π-இல் இட்டால் π* = 400/w. அதன் வகைக்கெழு −400/w², அச்சு அசல் −x*.

w = 2 என்றால் x* = 100, லாபம் 200. w 2.01 ஆனால் லாபம் 199.005. தேற்றம் சொன்ன இறக்கம் 1, நடந்தது 0.995.

பலரும் சறுக்குவது பெரிய மாற்றத்தில்தான். w 2.5 ஆனால் 100 × 0.5 = 50 குறையும் என்று தோன்றும். x-ஐ 100-லேயே வைத்திருந்தால் அப்படித்தான், லாபம் 150. x-ஐ 64-ஆகக் குறைத்தால் 160 கிடைக்கும், இறக்கம் 40 மட்டுமே. அந்த 10 வித்தியாசம் x-ஐ மாற்றியதன் பலன். சிறு மாற்றத்தில் அது கண்ணில் படாது, பெரிய மாற்றத்தில் படும். π* கோடு w-இல் குவிவாக, அதாவது கிண்ணம்போல் மேல்நோக்கி வளைவதும் இதனால்தான்.