வே பிரிட்ஜ் துண்டில் 500 கிலோ வித்தியாசம்

“லொறிக்காரர் போட்டோவில் அனுப்பின துண்டில் சுமையோடு கிராஸ் 11,360, வெற்று லொறியின் டெயர் 4,320, நெல்லின் நெட் 7,540 என்று இருக்கு. கழித்தால் 7,040 தான் வருது. யாழ்ப்பாணத்தில் நெல் வாங்கிற நான் எதை நம்பிக் காசு கொடுக்கிறது?”

இப்போதைக்கு எதையும் நம்பிக் கொடுக்காதீர்கள். கிராஸ் 11,860 ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 4,320-உடன் 7,540-ஐக் கூட்டினால் சரியாக 11,860 வருகிறது.

வித்தியாசம் முழுசாக 500 என்றால் நூறாம் இடத்து இலக்கம் ஒன்றுதான் பிழையாக வாசிக்கப்பட்டிருக்கும். மை மங்கிய அச்சில் 8-இன் இடப்பக்கம் அழிந்தால் 3 மாதிரித் தெரியும். ஆனால் நெட்டில் இருப்பது 5 இல்லாமல் 0 ஆகவும் இருக்கலாம். அப்படியென்றால் 7,040 தான் சரி. கணக்கு மட்டும் இதைத் தீர்க்காது.

போட்டோவைப் பெருப்பித்து, டெயரில் உள்ள 3-ஐயும் கிராஸில் சந்தேகமான இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இயந்திரத்தின் 3 ஒரே வடிவில்தான் விழும். இடப்பக்கத்தில் சின்னப் புள்ளி மிச்சம் இருந்தாலும் அது 8. அதோடு, நெட்டில் 5-இன் மேல்கோடு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்பவும் தெளிவில்லையென்றால் அசல் துண்டைக் கேளுங்கள், அல்லது துண்டு இலக்கத்தைச் சொல்லி நிறுவை செய்த இடத்தில் பிரதி எடுங்கள்.

கழித்தல் பொருந்தினாலும் டெயர் சரியென்று ஆகாது. நெல்லை இறக்கிய பிறகு லொறியைத் திரும்ப நிறுக்காமல் பழைய வெற்று எடையைப் போட்டிருந்தால் மூன்று எண்ணும் அழகாகப் பொருந்தும், நெட் பிழைத்துவிடும். இரண்டு நிறுவைக்கும் தனித்தனி நேரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.