ஐசியுவில் குறைந்த தைராய்டு

அன்புள்ள டாக்டர்,

அப்பாவுக்கு 63 வயது. நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் இருந்தபோது எடுத்த பரிசோதனையில் டி3 0.4, டிஎஸ்எச் 0.7. டி4-ம் கொஞ்சம் குறைவு. அங்கே மாத்திரை எதுவும் தரவில்லை. வீட்டுக்கு வந்து பத்து நாளில் பார்த்தால் டிஎஸ்எச் 9.2. இப்போது தினமும் தைராக்சின் 50 மைக்ரோகிராம் சாப்பிடுகிறார். முன்பு தைராய்டு தொந்தரவே கிடையாது. ஐசியுவிலேயே கொடுத்திருக்க வேண்டாமா? இனி ஆயுளுக்கும் மாத்திரைதானா?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

ஐசியு மருத்துவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். தைராய்டு சுரப்பியே பழுதானால் அது சுரக்கும் டி4 ஹார்மோன், அதாவது தைராக்சின், குறையும். சுரப்பியைத் தூண்ட மூளையடியில் உள்ள பிட்யூட்டரி டிஎஸ்எச் என்ற ஹார்மோனைக் கூட்டும். அப்பாவுக்குக் கூடவில்லை. கடும் நோயில் உடல் டி4-ஐ வீரியமுள்ள டி3 ஆக மாற்றுவதைக் குறைத்து, வேலை செய்யாத ரிவர்ஸ் டி3 ஆக மாற்றுகிறது. அதனால் முதலில் விழுவது டி3. நோய் நீண்டால் மூளையிலிருந்து வரும் தூண்டுதலும் மங்கி, டி4-ம் இறங்கும். டோபமைன், ஸ்டீராய்டு மருந்துகள் டிஎஸ்எச்சை இன்னும் அழுத்தும்.

இந்த நிலையில் ஹார்மோன் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1986-ல் வெளியான ஆய்வில் தைராக்சின் பெற்ற ஐசியு நோயாளிகளின் உயிர்பிழைப்பு கூடவில்லை. 2000-ல் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மருந்து பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாகவே இருந்தது. ஏற்கெனவே தைராக்சின் சாப்பிட்டு வருபவர்களுக்கு மட்டும் அதை நிறுத்தாமல் தொடர வேண்டும்.

சரி, 9.2? நோய் தேறும்போது பிட்யூட்டரி மறுபடி விழித்து டிஎஸ்எச்சைக் கூட்டும். சில வாரங்களுக்கு 20 வரைகூடப் போகலாம். பலரும் தைராய்டு நோயாளி ஆக்கப்படுவது இந்த இடத்தில்தான், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. பத்து நாளில் எடுத்த ஒரே பரிசோதனையை வைத்து ஆயுள் மாத்திரை எழுதக் கூடாது. உடம்பு நன்றாகத் தேறிக் குறைந்தது ஆறு வாரமாவது ஆன பிறகு பார்க்க வேண்டும்.

டிஎஸ்எச் 20-ஐத் தாண்டினாலோ, கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சைத் தழும்பு இருந்தாலோ, உடல் சில்லிட்டு நாடித்துடிப்பு மிகவும் குறைந்தாலோ கதை வேறு. அப்போது உண்மையான தைராய்டு குறைவைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

அப்பாவை நான் நேரில் பார்க்காததால், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்திவிட்டு ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச், ஃப்ரீ டி4, தைராய்டு எதிரணுப் பரிசோதனை மூன்றும் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையோடு பரிசோதித்து டிஎஸ்எச் 2 என்று வந்தால், அது தானாக இறங்கியதா, மருந்தால் இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.