சிஎஸ்வி கோப்பில் தேதிகள் கலந்து கிடந்தால் எப்படி வரிசைப்படுத்துவது?

“03/04/2023, 25/04/2022, 2023-01-09 என்று ஒரே பத்தியில் கலந்து வருகிறது. வரிசைப்படுத்தினால் தப்பாக வருகிறது. முதலில் இருப்பது நாளா, மாதமா?”

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு, அதில் தேதி என்று தனி வகையே கிடையாது. அதனால் கணினி இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுகிறது, 2023-ன் 03/04 வந்த பிறகுதான் 2022-ன் 25/04 வரும். ஆட்களை இனிஷியல் பார்த்து நிற்க வைத்துவிட்டு வயதுப்படி நிற்கிறார்கள் என்று நினைப்பது போலத்தான்.

நாளா மாதமா என்பதை 03/04/2023-ஐ மட்டும் எவ்வளவு முறைத்தாலும் சொல்ல முடியாது. அது எங்கிருந்து வந்ததோ, அதே இடத்து வரிகளை எல்லாம் பாருங்கள். முதல் எண் எங்காவது 12-ஐத் தாண்டினால் (25/04 மாதிரி) அங்கே நாள்தான் முதலில், இரண்டாவது எண் தாண்டினால் மாதம்தான் முதலில். இரண்டு இடத்துக் கோப்புகளை ஒட்டியிருந்தால் தனித்தனியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணுமே எங்கும் 12-ஐத் தாண்டவில்லையா, சரி, அனுப்பியவரைக் கேட்பதுதான் வழி.

வடிவம் தெரிந்ததும் பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் அதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள், பழைய `date` பத்தியை அழிக்காமல்:

```
df["d"] = pd.to_datetime(df["date"], format="%d/%m/%Y", errors="coerce")
```

பொருந்தாத வரிகள் `NaT`, அதாவது தேதி இல்லாத காலியிடம், ஆகும். அவற்றை மட்டும் அவற்றின் வடிவத்தில் மாற்றி நிரப்பி, அப்புறம் `d` பத்தியை வரிசைப்படுத்துங்கள்.

எக்செலில் செல் வடிவத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தோற்றத்தை மட்டுமே மாற்றும், அமெரிக்க அமைப்பில் திறந்தபோதே மார்ச் 4 ஆகிவிட்ட ஏப்ரல் 3 அப்படியேதான் இருக்கும்.